நிலைத்தளத்தில் கடைக்காரரே எழுத்தை மாற்றுவதற்கு எந்த ஹெட்லெஸ் சிஎம்எஸ், எப்படி இணைப்பது?

புதுக்கணினி, ஜூன் 3, காலை 10.12

ஒரு கடைக்காக எலெவன்டியில் நிலைத்தளம் ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறேன். கோப்புகள் கிட்ஹப்பில் இருக்கின்றன. அங்கே கமிட் விழுந்ததும் ஹோஸ்டிங் சேவை தானாகவே பில்ட் செய்து வெளியிட்டுவிடுகிறது. கடை உரிமையாளர் திறக்கும் நேரம், விடுமுறை அறிவிப்பு, பொருள்களின் விளக்கம் ஆகிய மூன்றையும் தாமே மாற்ற விரும்புகிறார். அவருக்கு நிரல் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. டிகாப், சானிட்டி, ஸ்ட்ராபி என்று பல பெயர்கள் கண்ணில் படுகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது, எங்கே தொடங்குவது?

ஐயப்பேர்வழி, ஜூன் 3, காலை 11.40

வேர்ட்பிரஸ் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

வலைத்தச்சர், ஜூன் 3, மதியம் 1.05

தளம் கட்டி முடிந்துவிட்டது என்று அவர் சொல்லியிருப்பதால் வேர்ட்பிரஸ் பேச்சை விட்டுவிடுகிறேன்.

உங்கள் தேவைக்கு ஸ்ட்ராபி வேண்டாம். அதற்கென்று ஒரு சேவையகமும் தரவுத்தளமும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவற்றை ஒருவர் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று பத்தி எழுத்தை மாற்றுவதற்கு அவ்வளவு சுமை தேவையில்லை. சானிட்டி போன்றவை உள்ளடக்கத்தைத் தங்களிடம் வைத்துக்கொண்டு பில்ட் நேரத்தில் ஏபிஐ வழியாகக் கொடுக்கின்றன. டிகாப் அப்படியன்று. அது உலாவியில் ஓடும் ஒரு படிவம் மட்டுமே. உரிமையாளர் படிவத்தை நிரப்பி வெளியிட்டால், அது உங்கள் களஞ்சியத்தில் உள்ள கோப்பையே திருத்தி ஒரு கமிட் போடுகிறது. கமிட் விழுந்தால் பில்ட் நடக்கும் ஏற்பாடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகையால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் டிகாப்பைத்தான் எடுப்பேன். 2023ஆம் ஆண்டு வரை அதற்கு நெட்லிஃபை சிஎம்எஸ் என்று பெயர். பழைய வழிகாட்டிகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

`admin` என்ற கோப்புறையில் `index.html`, `config.yml` என்று இரண்டு கோப்புகளை வைத்து, அக்கோப்புறை பில்டின்போது அப்படியே வெளியே போகுமாறு செய்துவிட்டால் இணைப்பு வேலை ஏறத்தாழ முடிந்தது. சிக்கல் உள்நுழைவில்தான் தொடங்கும்.

சேவையகவாசி, ஜூன் 3, மாலை 6.20

வெப்ஹூக்கை மறந்துவிட்டீர்கள். சிஎம்எஸ் எதுவானாலும் வெளியிட்டவுடன் ஹோஸ்டிங் சேவையின் பில்ட் ஹூக் முகவரிக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை போக வேண்டும். இல்லையென்றால் தளம் மாறாது. நான் சானிட்டியில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

வலைத்தச்சர், ஜூன் 3, மாலை 7.02

சானிட்டிக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே உள்ளடக்கம் களஞ்சியத்துக்கு வெளியே இருப்பதால், மாற்றம் நடந்தது என்று ஹோஸ்டிங் சேவைக்கு யாராவது தெரிவித்தாக வேண்டும். டிகாப்பில் அந்தக் கமிட்டே தகவல். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டு பில்ட் ஓடும். கெடுதல் இல்லை என்றாலும் வீண்.

புதுக்கணினி, ஜூன் 4, காலை 9.30

டிகாப் படிவம் என் கணினியில் திறந்துவிட்டது. `local_backend: true` என்று எழுதி, `npx decap-server` ஓடவிட்டுப் பார்த்தேன். உள்நுழைவு எதுவும் கேட்காமலே கோப்பு மாறுகிறது. ஆனால் வெளியிட்ட தளத்தில் உள்நுழைவுப் பொத்தானை அழுத்தினால் ஒரு சாளரம் திறந்து பிழை காட்டுகிறது.

வலைத்தச்சர், ஜூன் 4, காலை 10.15

எதிர்பார்த்ததுதான். உங்கள் கணினியில் ஓடிய சிறு சேவையகம் கோப்பை நேரடியாக எழுதுகிறது. வெளியே அந்த வசதி கிடையாது. கிட்ஹப் வழியாக உள்நுழைய வேண்டுமானால் ஓஆத் முறையில் ஒரு ரகசியச் சாவி பயன்படுகிறது. அந்தச் சாவியை உலாவிக்குப் போகும் பக்கத்தில் வைக்க முடியாது, ஏனென்றால் பக்கத்தின் மூலத்தைத் திறந்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே கிட்ஹப் தரும் தற்காலிகக் குறியீட்டை வாங்கி, சாவியைச் சேர்த்து அனுப்பி, டோக்கனைப் பெற்றுத் திருப்பித் தருவதற்கு மட்டும் ஒரு சிறிய நிரல் எங்காவது ஓட வேண்டும். தளம் நெட்லிஃபையில் இருந்தால் அந்த இடைவேலையை அவர்களே செய்து தருகிறார்கள். வேறிடத்தில் இருந்தால் கிளவுட்ஃபிளேர் வொர்க்கர் போன்ற ஒன்றில் அதை வைத்து, அதன் முகவரியை `base_url` என்ற இடத்தில் கொடுக்க வேண்டும்.

```yaml
backend:
  name: github
  repo: kadai/thalam
  branch: main
  base_url: https://auth.example.com
```

இன்னொன்றையும் இப்போதே உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். இந்த வழியில் அவருக்குச் சொந்தமாக ஒரு கிட்ஹப் கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்குக் களஞ்சியத்தில் எழுதும் உரிமையும் வேண்டும். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்துவிடலாம் என்ற யோசனை ஒரு நாள் வரும். வந்தால் விரட்டிவிடுங்கள், அந்தக் கணக்கில் உங்கள் மற்ற வாடிக்கையாளர்களின் களஞ்சியங்களும் இருக்கின்றன.

அலமாரி, ஜூன் 4, மதியம் 2.48

நானும் கடை வைத்திருப்பவள். என் தளத்தில் ஒரு பொருள் விற்றுத் தீர்ந்ததும் அதன் இருப்பு எண்ணிக்கை தானாகக் குறைய வேண்டும். இந்த டிகாப் அதைச் செய்யுமா?

வலைத்தச்சர், ஜூன் 4, மாலை 4.10

செய்யாது, அம்மா. இருப்பு என்பது ஒவ்வொரு விற்பனையிலும் மாறுகிற எண். அதற்காக ஒவ்வொரு முறையும் தளம் முழுவதையும் பில்ட் செய்வது சரிப்படாது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் கடைசிப் பொருளை வாங்கினால் அதைத் தடுக்கவும் முடியாது. அதற்குக் கடைச் சேவை ஒன்றின் ஏபிஐயை உலாவியிலிருந்தே கேட்கும் வழி வேண்டும். புதுக்கணினி கேட்டது நாள்கணக்கில் மாறாமல் இருக்கும் எழுத்தைப் பற்றி.

அலமாரி, ஜூன் 4, மாலை 4.31

புரிந்தது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். எனக்குத் தளம் செய்து கொடுத்தவர் எல்லாவற்றையும் மாற்றும் உரிமையைக் கொடுத்துவிட்டார். தலைப்பின் நிறம்கூட என் கையில்தான் இருக்கிறது. அதனாலேயே திறக்கப் பயமாக இருக்கிறது. எதைத் தொட்டால் எது உடையும் என்று தெரியவில்லை.

வலைத்தச்சர், ஜூன் 4, இரவு 9.22

அலமாரி அவர்கள் சொன்னதை எல்லோரும் இன்னொரு முறை படிக்க வேண்டும்.

படிவத்தில் எத்தனை கட்டங்கள் திறந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் கடைக்காரர் அதைப் பயன்படுத்துவாரா என்பது முடிவாகிறது. டிகாப்பில் இரண்டு வகைத் தொகுப்புகள் உண்டு. `folder` வகையில் `create: true` என்று வைத்தால் உரிமையாளர் புதிய பதிவுகளைச் சேர்க்கலாம், நீக்கலாம். பொருள் விளக்கங்களுக்கு அது பொருந்தும். `files` வகையில் நீங்கள் பெயர் குறிப்பிட்ட கோப்புகளை மட்டும் திருத்தலாம்; கடை நேரத்துக்கும் அறிவிப்புக்கும் இதுவே போதும். பக்கத்தின் பெரிய தலைப்பு, மெனு, முகவரிப் பாதை ஆகியவற்றைத் திறக்காதீர்கள். குறிப்பாகப் பொருளின் தலைப்பு மாறினால் பக்க முகவரியும் மாறும்படி அமைத்திருந்தால், உரிமையாளர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திய அன்றே தேடுபொறியிலிருந்து வருகிறவர்கள் இல்லாத பக்கத்தில் போய் நிற்பார்கள்.

நீள்பத்திக்கு `markdown` கட்டம் கொடுத்தால் தடிப்பு, தலைப்பு, படம், இணைப்பு என்று எல்லாப் பொத்தான்களும் வந்து நிற்கும். வெறும் `text` கட்டம் போதுமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் போதும்.

புதுக்கணினி, ஜூன் 6, காலை 11.05

உள்நுழைவு வேலை செய்கிறது. உரிமையாளரும் நேரத்தை மாற்றிப் பார்த்தார். திறக்கும் நேரம் 09:30 என்று சரியாக வருகிறது. மூடும் நேரம் 20:30 என்று அவர் எழுதியிருக்கிறார், தளத்திலோ 1230 என்று காட்டுகிறது. முகப்புப் பக்கக் கோப்பின் மேற்பகுதியில், ஃப்ரன்ட் மேட்டரில்தான் இந்த நேரங்களை வைத்திருக்கிறேன். களஞ்சியத்தில் பார்த்தால் இரண்டும் சரியாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

```yaml
thirappu: 09:30
moodal: 20:30
```

சேவையகவாசி, ஜூன் 6, காலை 11.50

நேர மண்டலச் சிக்கலாக இருக்கும். பில்ட் நடக்கும் கணினி யுடிசி நேரத்தில் ஓடும்.

வலைத்தச்சர், ஜூன் 6, மதியம் 12.30

நேர மண்டலம் என்றால் காலை நேரமும் நகர்ந்திருக்க வேண்டும்; அது நகரவில்லை. 20ஐ 60ஆல் பெருக்கி 30ஐக் கூட்டிப் பாருங்கள். 1230 வருகிறது.

யாம்ல் 1.1 பதிப்பில், முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எண்களை அறுபதின் அடுக்காக எண்ணும் ஒரு விதி இருந்தது. 1.2 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் ஃப்ரன்ட் மேட்டரைப் படிக்கப் பல எலெவன்டி தளங்களில் இருக்கும் கிரே-மேட்டர் என்ற நூலகம் ஜேஎஸ்-யாம்லின் மூன்றாம் பதிப்பைச் சார்ந்திருக்கிறது. அதில் அந்தப் பழைய விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. 09:30 தப்பித்ததற்குக் காரணம் அது பூஜ்யத்தில் தொடங்குவதுதான். அந்த விதிப்படி முதல் இலக்கம் 1 முதல் 9 வரை இருந்தால்தான் அது அறுபதின் எண். பூஜ்யத்தில் தொடங்கினால் வெறும் எழுத்துச்சரமாகவே நின்றுவிடும். காலை 10 மணிக்கு முன் திறக்கிற கடையில் பாதிச் சிக்கல் மறைந்தே இருக்கும் என்பது இதில் உள்ள வேடிக்கை.

மேற்கோள் குறி போட்டால் சரியாகும், ஆனால் நீங்கள் கையால் போட்ட குறி அடுத்த முறை படிவம் கோப்பைச் சேமிக்கும்போது நிலைத்திருக்கும் என்று நம்பாதீர்கள். நேரங்களை ஃப்ரன்ட் மேட்டரிலிருந்து எடுத்து ஒரு ஜேசன் கோப்பில் வையுங்கள். ஜேசனில் எழுத்துச்சரம் எப்போதும் மேற்கோளுக்குள்தான் இருக்கும், யாரும் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். எலெவன்டி `_data` கோப்புறையில் உள்ள ஜேசனைத் தானாகவே படிக்கும்.

```yaml
- name: neram
  label: கடை நேரம்
  file: src/_data/neram.json
  fields:
    - name: moodal
      label: மூடும் நேரம்
      widget: string
      pattern: ['^([01][0-9]|2[0-3]):[0-5][0-9]$', '20:30 என்ற வடிவில் எழுதவும்']
```

`pattern` வரியை விட்டுவிடாதீர்கள். உரிமையாளர் ஒரு நாள் "இரவு எட்டரை" என்று எழுதுவார். அவரைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரியான விடை. படிவமே அதை நிறுத்தி எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டால் உங்களுக்குத் தொலைபேசி வராது.

புதுக்கணினி, ஜூன் 6, மாலை 5.44

ஜேசனுக்கு மாற்றினேன். 20:30 வருகிறது.

புதுக்கணினி, ஜூன் 9, காலை 10.02

இப்போது வேறொரு புகார். "வெளியிடு என்று அழுத்தினேன், எதுவும் மாறவில்லை, மறுபடி அழுத்தினேன்" என்கிறார் உரிமையாளர். களஞ்சியத்தில் பார்த்தால் ஒரே அறிவிப்பைச் சற்றே மாற்றி மாற்றி அடுத்தடுத்துப் பல கமிட்டுகள் கிடக்கின்றன.

வலைத்தச்சர், ஜூன் 9, காலை 10.50

இந்தக் கட்டத்தில்தான் பலர் "சிஎம்எஸ் சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். படிவத்தில் வெளியிட்டாயிற்று என்று செய்தி வந்தால் கமிட் விழுந்தது என்றுதான் பொருள். அதற்குப் பிறகு பில்ட் நடந்து, முடிந்து, புதிய கோப்புகள் வெளியே போக வேண்டும். அந்த இடைவெளியில் நடப்பது எதுவும் உரிமையாளருக்குத் தெரிவதில்லை.

மூன்று இடங்களில் எது நின்றது என்று இந்த வரிசையில் பாருங்கள். கமிட் விழுந்திருக்கிறதா என்று களஞ்சியத்தில் பாருங்கள். விழுந்திருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அடுத்து, அந்தக் கமிட்டுக்கான பில்ட் பச்சையா சிவப்பா என்று ஹோஸ்டிங் பக்கத்தில் பாருங்கள். பில்ட் தோற்றால் பழைய தளம் அப்படியே நிற்கும். பார்வையாளர்களுக்கு அது பாதுகாப்பு, உரிமையாளருக்கோ அதுவே குழப்பம். பில்ட் பச்சை என்றால் கேஷைப் பாருங்கள்.

```
curl -I https://example.com/
```

விடையில் `cache-control` வரியில் பெரிய `max-age` எண் இருந்தால், ஏற்கெனவே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்த உலாவி அத்தனை வினாடிகளுக்குப் புதிய பக்கத்தைக் கேட்காமலே இருக்கலாம். தம் தளத்தை மிக அடிக்கடி திறந்து பார்ப்பவர் உரிமையாளர்தான், ஆகையால் பழைய பக்கம் அவருக்குத்தான் முதலில் தெரியும். புதிதாக வருகிறவர்கள் சரியான பக்கத்தையே பார்ப்பார்கள்.

புதுக்கணினி, ஜூன் 9, மதியம் 12.15

`max-age=86400` என்று இருக்கிறது. படங்களுக்காக எழுதிய விதி எல்லாக் கோப்புகளுக்கும் பொருந்தும்படி அமைந்திருக்கிறது.

வலைத்தச்சர், ஜூன் 9, மதியம் 12.40

ஒரு நாள் முழுவதும் அவர் பழைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எச்டிஎம்எல் பக்கங்களுக்கு `max-age=0, must-revalidate` என்று வையுங்கள். நீண்ட காலம் வைக்கும் விதி படத்துக்கும் பாணிக் கோப்புக்கும் மட்டும் இருக்கட்டும். அத்துடன் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் பில்ட் நடந்த நேரத்தை அச்சிடுங்கள். "அடியில் உள்ள நேரம் மாறியதா?" என்று தொலைபேசியில் ஒரே கேள்வி கேட்டால் போதும். சேவையகவாசி சொன்ன யுடிசி இங்கே உண்மையிலேயே குறுக்கே வரும்: அந்த நேரத்தைக் கடையின் நேர மண்டலத்தைக் குறிப்பிட்டு அச்சிடாவிட்டால் உரிமையாளர் அதைப் பார்த்தும் குழம்புவார்.

சேவையகவாசி, ஜூன் 9, மாலை 3.33

என் சானிட்டித் தளத்தில் இதைவிட விசித்திரமாக நடக்கிறது. வெப்ஹூக் போகிறது, பில்ட் பச்சை, கேஷும் இல்லை. ஆனால் தளம் சில சமயம் ஒரு திருத்தம் பின்தங்கியே வருகிறது. இரண்டாவது திருத்தத்தை வெளியிட்டால் முதல் திருத்தம் தெரிகிறது.

வலைத்தச்சர், ஜூன் 9, மாலை 4.05

உங்கள் பில்ட் நிரலில் `useCdn: true` என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பில்ட், சானிட்டியின் விநியோக வலையமைப்பில் தேங்கியிருக்கும் நகலைப் படிக்கிறது. வெப்ஹூக் உடனே போய்விடுவதால், அந்த நகல் புதுப்பிக்கப்படும் முன்பே பில்ட் வந்து கேட்டுவிடுகிறது. பில்டின்போது அதை `false` ஆக்குங்கள்.

சேவையகவாசி, ஜூன் 9, மாலை 5.20

`true` என்றுதான் இருந்தது. மாற்றியிருக்கிறேன்; பார்க்கலாம்.

புதுக்கணினி, ஜூன் 23, காலை 9.15

ஜூன் 20 வரை விடுமுறை என்று உரிமையாளர் அறிவிப்பு போட்டிருந்தார். முடியும் தேதிக்கு ஒரு கட்டம் வைத்து, தேதி கடந்தால் அறிவிப்பு மறையும்படி வார்ப்புருவில் எழுதியிருந்தேன். இன்று 23, அறிவிப்பு இன்னும் நிற்கிறது. கடை திறந்திருக்கிறது, ஆனால் தளம் மூடியிருப்பதாகச் சொல்கிறது.

வலைத்தச்சர், ஜூன் 23, காலை 9.58

வார்ப்புரு பில்ட் நேரத்தில்தான் தேதியைப் பார்க்கிறது. 20க்குப் பிறகு யாரும் எதையும் திருத்தவில்லை என்றால் பில்டும் நடக்கவில்லை. கடைசி பில்ட் நடந்த நாளிலேயே தளத்தின் நாட்காட்டி நின்றுவிட்டது. கிட்ஹப் ஆக்ஷன்ஸில் தினமும் ஒரு முறை பில்ட் ஹூக்கை அழைக்கும் வேலையை வைத்தால் தீரும்.

ஐயப்பேர்வழி, ஜூன் 23, காலை 10.40

களஞ்சியம் பொதுவில் இருந்தால் அது தீர்வாகாது. பொதுக் களஞ்சியத்தில் 60 நாள்கள் எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் அட்டவணையிட்ட வேலைகளைக் கிட்ஹப் தானே நிறுத்திவிடும். இரண்டு மாதம் எதையும் திருத்தாத கடைக்காரருக்குத்தான் இந்தத் தினசரி பில்ட் தேவைப்படும். அவருக்கே அது நின்றுபோயிருக்கும்.

வலைத்தச்சர், ஜூன் 23, காலை 11.25

சரியான இடத்தில் பிடித்தீர்கள். வேர்ட்பிரஸ் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டதாக நினைத்தேன், இழையைத் தொடர்ந்து படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள்.

அப்படியானால் அறிவிப்பை மறைக்கும் வேலையை உலாவியிடமே விடலாம் என்று இப்போது தோன்றுகிறது. முடியும் தேதியைப் பக்கத்திலேயே எழுதிவைத்து, பார்வையாளரின் கணினி ஒப்பிடட்டும்.

```html
<p id="arivippu" data-varai="2025-06-20">…</p>
<script>
  const a = document.getElementById('arivippu');
  if (new Date() > new Date(a.dataset.varai + 'T23:59:59')) a.hidden = true;
</script>
```

`T23:59:59` என்ற ஒட்டை எடுத்துவிடாதீர்கள். வெறும் தேதியை மட்டும் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசியின் நள்ளிரவாகக் கொள்ளும். அறிவிப்பு கடைசி நாளிலேயே மறைந்துவிடும். நேரத்தையும் சேர்த்தால் பார்வையாளரின் உள்ளூர் நேரமாகக் கொள்ளும். வேறு நேர மண்டலத்திலிருந்து பார்ப்பவருக்குச் சில மணி நேரம் முன்பின்னாக மறையும். கடை அறிவிப்புக்கு அது பாதகமில்லை.

புதுக்கணினி, ஜூன் 23, மாலை 6.10

போட்டுவிட்டேன், மறைந்துவிட்டது. இன்னொரு கேள்வி: `publish_mode: editorial_workflow` என்று வைத்தால் உரிமையாளரின் ஒவ்வொரு திருத்தமும் இழுவைக் கோரிக்கையாக வரும், நான் பார்த்துவிட்டு இணைக்கலாம் என்று படித்தேன். வைக்கலாமா?

அலமாரி, ஜூன் 23, இரவு 8.02

வேண்டாம். "நாளை கடை மூடல்" என்று நான் எழுதினால் அது இன்றே வர வேண்டும். நீங்கள் ஊரில் இல்லையென்றால் என்ன செய்வது?

ஐயப்பேர்வழி, ஜூன் 23, இரவு 8.30

வைக்கலாம். பார்க்காமல் விட்ட ஒரே திருத்தத்தில் ஒரு பொருள் விளக்கம் முழுவதும் காலியானதை நான் கண்டிருக்கிறேன்.

வலைத்தச்சர், ஜூன் 24, காலை 7.45

காலியானால் முந்தைய கமிட்டிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். கிட் இருப்பதன் பயனே அதுதான். அறிவிப்புக்கு நேரடி வெளியீடும், பொருள் விளக்கத்துக்கு ஒப்புதலும் இருந்தால் இருவர் சொல்வதும் நிறைவேறும். ஆனால் டிகாப்பில் அந்த அமைப்பு முழுத் தளத்துக்கும் ஒன்றுதான், தொகுப்புக்குத் தொகுப்பு மாற்ற முடியாது. இரண்டு `admin` கோப்புறைகள் வைத்து ஒவ்வொன்றுக்கும் தனி `config.yml` கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. நான் அதை நடைமுறையில் ஓட்டிப் பார்த்ததில்லை. யாராவது செய்திருந்தால் எழுதுங்கள்.

அதற்கு முன் களஞ்சியம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள், புதுக்கணினி. உங்கள் பெயரில் இருந்தால் உரிமையாளரின் கணக்குக்கோ அவர் பெயரிலான ஒரு நிறுவனக் கணக்குக்கோ மாற்றிவிட்டு, `config.yml` கோப்பில் `repo` வரியையும் அதற்கேற்பத் திருத்துங்கள். ஹோஸ்டிங் சேவையின் இணைப்பையும் மறுபடி சரிபாருங்கள்.

புதுக்கணினி, ஜூன் 24, காலை 9.20

என் பெயரில்தான் இருக்கிறது. இந்த வாரமே மாற்றுகிறேன்.